தேடுகிறவர் தட்டும் சொல்

இன்ஸ்டாகிராமில் வீட்டிலிருந்தபடி சேலை விற்பவர்களின் பக்கங்களைப் புரட்டினால் ஒரே மாதிரியான பதிவு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த சேலைப் படம். அதன் கீழே "New arrival, DM for price" என்று ஒரு வரி. பிறகு வரிசையாக நாலைந்து புள்ளிகள். அதற்கும் கீழே #love, #instagood, #saree, #trending, #viral என்று இடம் கொடுத்த மட்டும் அடுக்கிய ஹேஷ்டேக்குகள். படத்தில் இருப்பது சுங்குடியா செட்டிநாடு காட்டனா, எத்தனை மீட்டர், ப்ளவுஸ் துணி உண்டா, என்ன விலை, எந்த ஊரிலிருந்து வரும் என்ற எதுவும் அதில் இருக்காது.

அதே நேரத்தில் இன்னோர் ஊரில் ஒருவர் அதே செயலியின் தேடல் பெட்டியைத் திறந்து "sungudi cotton saree" என்று தட்டுகிறார். அவர் பொழுதுபோக்காகப் படம் பார்க்க வரவில்லை. வாங்க வந்திருக்கிறார். விற்பவரிடம் அவர் கேட்ட சேலையே இருக்கிறது. ஆனால் அவர் தட்டிய மூன்று சொற்களில் "saree" தவிர வேறு எதுவும் அந்தப் பதிவில் எழுத்தாக இல்லை. அந்த ஒரு சொல்லோ கோடிக்கணக்கான பதிவுகளில் இருக்கிறது. எனவே இருவரும் சந்திக்காமலே போகிறார்கள்.

ஹேஷ்டேக்கை இப்படிக் கொட்டும் பழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில், ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறவர்களை ஒன்றுசேர்க்க # குறியைப் பயன்படுத்தலாமே என்று முன்மொழிந்தார். இன்ஸ்டாகிராம் 2011 தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஹேஷ்டேக்குக்கும் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் புதிய பதிவுகள் வந்த வரிசையிலேயே மேலே தெரியும். ஒரு பதிவுக்கு 30 ஹேஷ்டேக் வரை போடலாம். ஆக, 30 போட்டால் 30 பக்கங்களில் சில நிமிடமாவது நம் படம் மேலே நிற்கும். அந்தக் கணக்கு அப்போது சரியாகவே இருந்தது. அதைக் கற்றுக்கொண்டவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரதி எடுத்து ஒட்டுவதற்கென்றே ஹேஷ்டேக் பட்டியல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின.

பிறகு அடித்தளம் மாறியது. ஹேஷ்டேக் பக்கங்களில் நேர வரிசை பின்னுக்குப் போய், செயலியே தேர்ந்தெடுத்த பதிவுகள் முன்னுக்கு வந்தன. 2017 இறுதியில் ஒரு ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியைக் கொடுத்தார்கள். 2024 இறுதியில் அதை எடுத்தும்விட்டார்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, ஹேஷ்டேக் ஒரு பதிவைப் பெரிதாகப் பரவச் செய்வதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2025 டிசம்பரில் ஒரு பதிவுக்கு ஐந்து ஹேஷ்டேக்குக்கு மேல் வேண்டாம் என்ற வரம்பையும் அறிவித்தார்கள். #love என்ற ஒரு ஹேஷ்டேக்கின் கீழ் மட்டும் 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அங்கே ஒரு சுங்குடிச் சேலையை வைப்பதால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் அவர்கள் சேலை தேடி வந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் தேடல் பெட்டி வளர்ந்துவிட்டது. முன்பு அதில் கணக்கின் பெயர், ஹேஷ்டேக், இடம் ஆகிய மூன்றைத்தான் தேட முடியும். 2020 நவம்பரில் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகளில் சாதாரணச் சொற்களைத் தட்டித் தேடும் வசதி வந்தது. பிறகு அது மற்ற இடங்களுக்கும் பரவியது. 2021 ஆகஸ்டில் இந்தத் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று இன்ஸ்டாகிராம் தானே ஒரு விளக்கம் வெளியிட்டது. அதில் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். முதலாவதும் மிக முக்கியமானதும், தேடுகிறவர் தட்டிய எழுத்து. அதைக் கணக்குப் பெயர்கள், பயோ, கேப்ஷன், ஹேஷ்டேக், இடங்கள் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டாவது, தேடுகிறவர் இதற்கு முன் யாரைப் பின்தொடர்ந்தார், எதைப் பார்த்தார் என்பது. மூன்றாவது, பொருந்தி வந்த பதிவுகளில் எதை மற்றவர்கள் அதிகம் திறந்தார்கள், விரும்பினார்கள், பகிர்ந்தார்கள் என்பது.

இந்த வரிசையைக் கவனித்தால் கேப்ஷனின் வேலை தெளிவாகிவிடும். சொல் பொருந்தாத பதிவு போட்டிக்குள்ளேயே வருவதில்லை. சொல் பொருந்திய பிறகுதான் படத்தின் அழகும், விருப்பங்களின் எண்ணிக்கையும், மற்றவையும் பேசத் தொடங்குகின்றன. அதே விளக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது: தேடலில் பதிவு அகப்பட வேண்டுமானால் சொற்களையும் ஹேஷ்டேக்குகளையும் கேப்ஷனிலேயே எழுதுங்கள், கமெண்டில் எழுதாதீர்கள். கேப்ஷன் சுத்தமாகத் தெரியட்டும் என்று ஹேஷ்டேக்குகளை முதல் கமெண்டில் போடும் வழக்கம் இன்றும் பலரிடம் இருக்கிறது. தேடலைப் பொறுத்தவரை அந்த உழைப்பு வீண்.

சரி, சொல்லை எங்கே கண்டுபிடிப்பது? ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியில் ஒரு பெண் வீட்டிலிருந்து சுங்குடிச் சேலை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துணியில் சின்னச் சின்னதாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் பூக்கும். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்த கலை இது. புவிசார் குறியீடும் பெற்றது. இன்று சந்தையில் சுங்குடி என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ ஸ்கிரீன் பிரிண்டிலோ செய்தது. இந்தப் பெண் விற்பதும் வேக்ஸ் பிரிண்ட்தான். விலை 950 ரூபாய்.

அவர் முதலில் திறக்க வேண்டியது தன் இன்பாக்ஸை. கீவேர்டு கண்டுபிடித்துத் தரும் கருவிகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். என் பார்வையில், ஒரு சிறு கடைக்கு வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகளைவிடச் சிறந்த சுரங்கம் கிடையாது. கடந்த இரண்டு மாதச் செய்திகளை மேலிருந்து கீழ் வரை படித்து, அவர்கள் எழுதிய சொல்லை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். "அக்கா, சாயம் போகுமா?" "sis, office ku kattalama?" "ப்ளவுஸ் ரன்னிங்கா, தனியா?" "1000 kulla cotton saree iruka?" "வயசானவங்க கட்ட லேசா இருக்குமா அக்கா?" விற்பவர் தன் சரக்கை "கலெக்‌ஷன்" என்கிறார், "எலிகன்ட்" என்கிறார், "எக்ஸ்க்ளூசிவ்" என்கிறார். வாங்குகிறவர்களின் செய்திகளில் இந்தச் சொற்களைக் காண்பது அரிது. அவர்கள் துணியின் பெயரையும், நிறத்தையும், எங்கே கட்டிக்கொண்டு போவது என்பதையும், விலையையும்தான் கேட்கிறார்கள். தேடல் பெட்டியிலும் அதையேதான் தட்டுவார்கள்.

அடுத்து அந்தத் தேடல் பெட்டியையே கேட்கலாம். "sungudi" என்று தட்டி, தேடு பொத்தானை அழுத்தாமல் நிறுத்தினால் கீழே பரிந்துரைகள் விரியும். மற்றவர்கள் எந்தச் சொற்களோடு சேர்த்துத் தேடுகிறார்கள் என்பதற்கு அது ஒரு நல்ல தடயம். ஆனால் விற்பவர் தன் கடைக் கணக்கிலிருந்து இதைச் செய்யக் கூடாது. மேலே சொன்ன இரண்டாவது விஷயம் இங்கே குறுக்கே வரும்: நாள் முழுதும் சேலைப் பக்கங்களையே பார்க்கும் கணக்குக்குச் செயலி அதற்கேற்றபடி காட்டும். சேலை வியாபாரத்தில் இல்லாத உறவினர் ஒருவரின் போனை வாங்கிப் பார்ப்பது நல்லது.

இப்படித் திரட்டியதில் எல்லாவற்றையும் ஒரே பதிவில் திணிக்க வேண்டியதில்லை. இந்தப் படத்தில் இருக்கும் இந்தச் சேலையைத் தேடுகிறவர் என்ன தட்டுவார் என்று ஒரு முதன்மைத் தொடரையும், அதற்குத் துணையாக மூன்று நான்கு விவரங்களையும் எடுத்துக்கொண்டால் போதும். நம் சின்னாளப்பட்டிக் கடைக்கு முதன்மைத் தொடர் "madurai sungudi cotton saree". துணை விவரங்கள்: நிறம், அளவு, அலுவலகம், விலை. இனி கேப்ஷன் இப்படி வரும்:

"மதுரை சுங்குடி காட்டன் சேலை, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். Madurai sungudi cotton saree, 950 ரூபாய்.

இது கை முடிச்சு சுங்குடி இல்லை, வேக்ஸ் பிரிண்ட். நீளம் 5.5 மீட்டர், ப்ளவுஸ் துணி தனியாக 80 சென்டிமீட்டர் வரும். துணி லேசானது, வெயில் காலத்தில் நாள் முழுதும் கட்டியிருக்கலாம். கஞ்சி போட்டால் மடிப்பு நிற்கும், போடாமலும் கட்டலாம். முதல் இரண்டு முறை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். Office wear, daily wear-க்கு cotton saree under 1000 தேடுகிறவர்களுக்கு ஏற்றது. சின்னாளப்பட்டியிலிருந்து கொரியரில் அனுப்புகிறோம்.

#MaduraiSungudi #SungudiSaree #சுங்குடி"

இதில் முதல் வரிக்குத்தான் அதிக உழைப்பு போயிருக்கிறது. பதிவு கண்ணில் படும்போது கேப்ஷனின் முதல் 125 எழுத்துகள் வாக்கில்தான் திரையில் தெரியும். மீதியைப் பார்க்க "more" என்பதைத் தொட வேண்டும். தேடலில் வந்தவர் ஒரு நொடியில் முடிவெடுக்கிறார். தான் தட்டிய பெயரை அந்த முதல் வரியிலேயே பார்த்தால் நிற்பார். "வணக்கம் தோழிகளே, உங்கள் அன்புக்கு நன்றி" என்று தொடங்கினால் அந்த இடம் அதிலேயே தீர்ந்துபோகும். வணக்கம் சொல்வதில் தவறில்லை, அதை இரண்டாவது பத்தியில் சொல்லலாம்.

ஹேஷ்டேக்கால் முடியாத ஒரு வேலையை இந்த வாக்கியங்கள் செய்கின்றன. #sungudicottonsareeonline என்று சொற்களை ஒட்டி எழுதினால் அதே சரத்தைத் தேடுகிறவருக்குத்தான் அது நேரடியாகப் பொருந்தும். இடைவெளி விட்டு எழுதிய வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கிறது. "madurai cotton saree", "sungudi office wear", "cotton saree under 1000" என்று பலவிதச் சேர்க்கைகளுக்கும் அதே கேப்ஷன் பொருந்த வாய்ப்பிருக்கிறது. தேடுகிறவர் எந்தச் சேர்க்கையில் தட்டுவார் என்று நாம் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பொருளை முழுமையாக விவரித்தால் போதும், சேர்க்கைகள் தாமாக உருவாகும்.

ஹேஷ்டேக்கை ஒரேயடியாக ஒழிக்கவும் வேண்டாம். மூன்று போட்டிருக்கிறோம், மூன்றும் படத்தில் உள்ள பொருளின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அவற்றைப் பிரித்துப் படிக்கும். யூடியூபிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீடியோவுக்கு 60 ஹேஷ்டேக்குக்கு மேல் போட்டால் அத்தனையையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவோம் என்று அவர்களின் உதவிப் பக்கமே சொல்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் சில உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நம்மவர்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள். சிலர் தமிழ் எழுத்தில் "சுங்குடி சேலை" என்று தட்டுவார்கள். பலர் ஆங்கில எழுத்தில் தமிழையே தட்டுவார்கள். இன்னும் பலர் முழு ஆங்கிலத்தில். ஒரே பொருளுக்கு sungudi, sungadi, sungidi, chungidi என்று எழுத்துக்கூட்டலே நான்கு விதம். "சேலை" என்பவரும் "புடவை" என்பவரும் இருக்கிறார்கள். நான்கு எழுத்துக்கூட்டலையும் ஒரே பதிவில் அடுக்கினால் கேப்ஷன் அகராதி போல ஆகிவிடும். அதைவிட, ஒரு பதிவில் அதிகம் புழங்கும் sungudi-யும் தமிழ் எழுத்தும் போதும். அடுத்த பதிவில் சேலைக்குப் பதில் புடவை என்று எழுதலாம், இன்னொன்றில் sungadi என்று எழுதலாம். கடையில் முப்பது பதிவுகள் இருந்தால் அவை எல்லாம் சேர்ந்து எல்லா வாசல்களையும் திறந்து வைக்கும்.

இரண்டாவது, சொல் உருமாறுவது. நாம் "சுங்குடிச்சேலையை வாங்கியவர்கள்" என்று ஒட்டியும் ஒற்று மிகுந்தும் எழுதுவோம், அது இலக்கணப்படி சரி. தேடல் பெட்டியில் யாரும் அப்படித் தட்டுவதில்லை. "சுங்குடி சேலை" என்று இடைவெளி விட்டு, ஒற்றும் உருபும் இல்லாமல்தான் தட்டுகிறார்கள். ஆகவே கேப்ஷனில் ஒருமுறையாவது பெயர் வெற்று வடிவில், பிரித்து எழுதப்பட்டு வந்துவிட வேண்டும். மேலே உள்ள கேப்ஷனின் முதல் வரியை அப்படித்தான் அமைத்திருக்கிறோம். பொருளின் பெயரை ஒரு தலைப்பு போல முதலில் சொல்லிவிட்டால், பிறகு வரும் வாக்கியங்களில் இலக்கணத்தை விட்டுக்கொடுக்காமல் எழுதலாம். சந்திப் பிழையைப் பார்த்தால் முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். கடைப் பலகைகளில் நெடுங்காலமாக நாம் ஏற்றுக்கொண்ட வழக்கம்தான் இது.

மூன்றாவது, எழுத்துருச் சிக்கல். சிலர் கேப்ஷன் அழகாக இருக்கட்டும் என்று இணையத்தில் கிடைக்கும் "ஃபேன்சி ஃபான்ட்" தளங்களில் தட்டி, சாய்ந்தும் தடித்தும் வளைந்தும் வரும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். கண்ணுக்கு அது Madurai என்று தெரியலாம். யூனிகோடில் அவை கணிதக் குறியீடுகளுக்கென ஒதுக்கிய வேறு எழுத்துகள். தேடுகிறவர் சாதாரண விசைப்பலகையில் தட்டும் m-உம் இந்த அலங்கார m-உம் வேறு வேறு எண்கள். திரைவாசிப்பு மென்பொருளும் அதில் தடுமாறும். கடையின் பெயரையே இப்படி எழுதி வைத்திருப்பவர்கள் அதை இன்றே மாற்றிவிடுவது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த விளம்பர வாசகங்களை அப்படியே ஒட்டினாலும் இதே கதி. எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு வழக்கம், எல்லா விவரத்தையும் படத்தின் மேல் எழுதுவது. பேருந்து நிலையப் போஸ்டர் போல விலை, அளவு, தொலைபேசி எண் எல்லாம் படத்திலேயே இருக்கும்; கேப்ஷன் காலியாக இருக்கும். படத்தில் எழுதியதைப் படத்தில் விடுங்கள், ஆனால் அதையே கேப்ஷனிலும் எழுத்தாகத் தட்டுங்கள். பொருத்திப் பார்ப்பதாக இன்ஸ்டாகிராம் சொன்ன பட்டியலில் கேப்ஷன்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் கணக்கின் பெயரும் இருந்தது. சுயவிவரத்தில் பயனர்பெயருக்குத் தனியாகவும், "Name" என்று தனியாகவும் இரண்டு கட்டங்கள் உண்டு. பலர் இரண்டிலும் கடைப் பெயரையே எழுதுகிறார்கள். இரண்டாவது கட்டத்தில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் "Sungudi Sarees Chinnalapatti" என்று தொழிலையும் ஊரையும் சேர்த்தால், கடையின் பெயரைக் கேள்விப்படாதவருக்கும் கணக்கு அகப்படும். யோசித்துச் செய்யுங்கள்: இந்தப் பெயரை 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பதிவில் இடத்தையும் குறிப்பிடலாம். "Alt text" என்ற கட்டத்தில் "மஞ்சள் சுங்குடி சேலை, அரக்கு பார்டர், சிறு வெள்ளைப் புள்ளிகள்" என்று படத்தை ஒரு வரியில் விவரிக்கலாம். அந்தக் கட்டம் பார்வையற்றவர்களுக்காக வைத்தது. அதில் தேடல் சொற்களை அடைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஹேஷ்டேக்கை விட்டவர்கள் பலர் விழும் அடுத்த குழி, சொல் அடைப்பு. "sungudi saree, sungudi sarees, best sungudi saree, sungudi saree online, sungudi saree price" என்று காற்புள்ளி வைத்து அடுக்கிய கேப்ஷன்கள் இப்போது பெருகி வருகின்றன. # குறியை அழித்துவிட்டதைத் தவிர இதில் எதுவும் மாறவில்லை. ஒரே பெயர் ஒருமுறை வந்தாலே பொருத்தம் கிடைத்துவிடும். பிறகு முடிவு செய்வது மூன்றாவது விஷயம்: வந்தவர் நின்று பார்த்தாரா, சேமித்தாரா, தங்கைக்கு அனுப்பினாரா என்பது. அடுக்கிய சொல்லைப் படிக்க யாரும் நிற்பதில்லை. ஒரு எளிய சோதனை உண்டு. கேப்ஷனை வாய்விட்டுப் படியுங்கள். கடைக்கு வந்து கேட்பவரிடம் இதே வார்த்தைகளில் பதில் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது, இல்லாததைச் சொல்வது. "hand knotted sungudi" என்று எழுதினால் வேறுவிதமான, அதிகம் செலவழிக்கத் தயாரான வாடிக்கையாளர் வருவார். வந்து பார்த்தால் வேக்ஸ் பிரிண்ட். அவர் உடனே திரும்பிவிடுவார். வாங்கிவிட்டால் சேலையைத் திருப்பி அனுப்புவார், கமெண்டில் எழுதுவார். அதனால்தான் மாதிரிக் கேப்ஷனில் "கை முடிச்சு இல்லை" என்பதை வெளிப்படையாக எழுதினோம். அந்த வரியால் போகிறவர்கள் எப்படியும் போகிறவர்களே. விலை ஏன் 950 என்று யோசித்தவருக்கு அதே வரி பதிலாகவும் ஆகிறது. ஓணம் வந்தால் #onam, ஒரு படம் ஓடினால் அந்த நடிகையின் பெயர் என்று தொடர்பில்லாத சொற்களைச் சேர்ப்பதும் இதே வகைதான்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதிவுக்குக் கிடைத்த விருப்பங்களை எண்ணிப் பயனில்லை, அவை பெரும்பாலும் ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் தருபவை. பதிவின் "Insights" பகுதியில் பார்த்தவர்களில் பின்தொடராதவர்கள் எவ்வளவு என்று காட்டும். பழைய பாணியில் எழுதிய பதிவுகளையும் புதிய பாணியில் எழுதியவற்றையும் அந்தக் கணக்கில் ஒப்பிட வேண்டும். ஒரு வாரம் கழித்து, உங்களைப் பின்தொடராத இருவரின் போனில் அதே தொடரைத் தட்டி, எவ்வளவு கீழே இறங்கினால் உங்கள் பதிவு வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் முடிவு மாறும் என்பதால் ஒரு போனை மட்டும் நம்பக் கூடாது. எல்லாவற்றையும்விட நம்பகமானது, புதிதாக வருகிறவரிடம் "எப்படிங்க எங்க பக்கத்தப் பாத்தீங்க?" என்று கேட்பது. "சுங்குடினு தேடினேன் அக்கா" என்ற பதில் வரத் தொடங்கினால் அது போதுமான சான்று. அவர் சொல்லும் சொல் உங்கள் நோட்டில் இல்லாத ஒன்றாக இருந்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

இதனால் ஆகாதவையும் உண்டு. "saree" என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு புதிய சிறு கடை மேலே வரப்போவதில்லை. அங்கே லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள் கொண்ட கடைகள் நிற்கின்றன, மூன்றாவது விஷயத்தில் அவர்கள் கை ஓங்கியிருக்கும். சொற்கள் கூடக் கூடப் போட்டி குறையும். "சின்னாளப்பட்டி சுங்குடி காட்டன்" என்று தேடுகிறவர்கள் சிலர்தான், ஆனால் அவர்களில் வாங்குகிறவர்கள் அதிகம் இருப்பார்கள். தேடலுக்காக எழுதிய பதிவு மறுநாளே பலன் தராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். யாரும் தேடாத பொருளுக்கு, அதாவது பெயரே தெரியாத புதுவகைத் துணிக்கு, இந்த வழி உதவாது. அதை முதலில் ரீல்ஸ் வழியாகத்தான் மக்கள் கண்ணில் காட்ட வேண்டும்.

பழைய பதிவுகளை அழிக்க வேண்டியதில்லை. மூன்று புள்ளியைத் தொட்டு "Edit" கொடுத்தால் கேப்ஷனைத் திருத்தலாம். இன்னும் சரக்கு இருக்கும் சேலைகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் அதிகம் விசாரிப்பு வந்த பத்துப் பதிவுகளை முதலில் எடுத்து, ஹேஷ்டேக் குவியலை நீக்கிவிட்டு முதல் வரியை மட்டுமாவது மாற்றி எழுதுங்கள். விற்றுத் தீர்ந்தவற்றில் "இந்த நிறம் தீர்ந்தது, இதே மதுரை சுங்குடி காட்டன் சேலை வேறு நிறங்களில் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால், தேடி வந்தவர் திரும்பிப் போகாமல் அடுத்த பதிவுக்குப் போவார். பொதுவில் உள்ள தொழில்முறைக் கணக்குகளின் பதிவுகளைக் கூகுள் போன்ற தேடுபொறிகள் எடுத்துக்காட்ட 2025 ஜூலை முதல் இன்ஸ்டாகிராம் அனுமதிக்கிறது. ஆகவே இப்படித் திருத்திய பழைய கேப்ஷன், செயலியே இல்லாத ஒருவர் கூகுளில் தட்டும் சொல்லுக்கும் பதிலாகக்கூடும்.